படுத்தும் போகாத களைப்பு

நெடுந்தீவில் ஒருவர் வருத்தக்காரர், அதாவது நோயாளி, என்று பெயர் எடுத்துவிட்டால், அதற்குப் பிறகு அவர் எழும்பி நிற்கக் கூடாது. எங்கும் எழுதி வைக்காத சட்டம் அது. பார்க்க வருகிறவர்கள் பாணும் பிஸ்கட்டும் தோடம்பழமும் பையில் போட்டுக்கொண்டு வெயிலில் நெடுந்தூரம் நடந்து வருவார்கள். வருத்தக்காரரே வந்து படலையைத் திறந்து "வாங்கோ" என்றால் அவர்களுக்கு முகம் விழுந்துவிடும். "ஆள் நல்லாத்தானே நிக்கிறா, இதுக்கோ இவ்வளவு கதை?" என்று திரும்பிப் போகும் வழியெல்லாம் கதைப்பார்கள். அதனால் யாராவது படலையில் கைவைக்கும் சத்தம் கேட்டதும், எழும்பி இருந்த நானும் போய்ப் படுத்துவிடுவேன். இன்றைக்கு நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அழுகைதான் வந்தது.

எனக்கு மார்பில் புற்றுநோய் வந்திருந்தது. கொழும்பில் இடது பக்கத்தை வெட்டி எடுத்தார்கள். பிறகு அங்கேயே உறவினர் வீட்டில் தங்கிக் கரண்ட் பிடித்தேன். கதிர்ச் சிகிச்சைக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. எல்லாம் முடிந்து குறிகட்டுவானில் வள்ளம் ஏறி, நெடுந்தீவு இறங்குதுறையில் கால் வைத்தபோது, இனித் தப்பிவிட்டேன் என்றுதான் நினைத்தேன். இந்திய ஆமி சந்திக்குச் சந்தி நின்ற காலம். வழியெல்லாம் சோதனை, வெயில், கடல். களைத்துப் போயிருந்தேன். பயணக் களை, இரண்டு நாள் படுத்தால் சரியாகும் என்றார் என் கணவர். நானும் அப்படித்தான் நம்பினேன்.

எனக்குக் களைப்பு புதிது அல்ல. நல்ல தண்ணீர்க் கிணற்றில் அள்ளிச் சுமந்து, மாடு பார்த்து, பனங்கிழங்கைக் கிழித்து ஒடியல் காயவைத்து வளர்ந்தவள் நான். அந்தக் களைப்புக்கு ஒரு மரியாதை இருந்தது. வேலை செய்தால் வரும், படுத்தால் போகும், விடியக் காலையில் ஆளைக் காணாது. இப்போது வந்ததோ வேறு. நான் எழும்புவதற்கு முதலே அது எழும்பி என் நெஞ்சில் குந்திக்கொண்டிருந்தது. தலை இழுக்கத் தொடங்கினால் பாதியில் சீப்பை மடியில் வைத்துவிட்டு இருப்பேன். தேத்தண்ணீர்க் கோப்பையைத் தூக்க யோசிப்பேன். ஒருவர் கதைத்தால் அவர் தொடங்கியது எதில், முடித்தது எதில் என்று பிடிபடாது. நோவு கிடையாது, காய்ச்சல் கிடையாது. நோவு என்றால் இந்த இடம் என்று தொட்டுக் காட்டலாம். இதை எங்கே தொட்டுக் காட்டுவது?

என் கணவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சர். அரிசி, சீனி, மண்ணெண்ணெய் என்று நாள் முழுக்கச் சனத்தோடு சண்டை பிடிக்கிற மனுசன், வீட்டுக்கு வந்தால் பூனை. விடிய எழும்பிக் குசினிக்குள் போய் அடுப்பு மூட்டுவார், புட்டு அவிப்பார், என் சீலையைத் தோய்ப்பார். புட்டு கல்லுப்போல இருக்கும், அது வேறு கதை. நான் காலைக் கீழே வைத்தால் போதும், "எழும்பாதையும், நீர் படுத்திரும்!" என்று குசினியில் இருந்தே குரல் வரும். அடுத்த வளவில் இருந்த அவருடைய தமக்கை, எனக்கு மச்சாள், ஈரலும் முட்டையும் முருங்கையிலையுமாக ஆக்கிக்கொண்டு வருவார். "இரத்தம் காணாது, குறைஞ்சு போச்சு. அதுதான் சோர்வு. சாப்பிட்டுட்டுக் கிட." நான் சாப்பிட்டேன், கிடந்தேன். கிடக்கக் கிடக்கக் கால் மெலிந்தது. படலை மட்டும் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. மூச்சு வாங்குகிறது என்று இன்னும் கிடந்தேன். இரண்டு பேருடைய அன்பும் சேர்ந்து என்னைக் கட்டிலோடு தைத்துவிட்டது என்று இப்போது சொல்வேன். அப்போது அது எனக்கு விளங்கவில்லை.

என் பசுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். சீதனத்தோடு வந்த பசுவின் பேத்தி அது. நெற்றியில் வெள்ளை விழுந்த சிவலை. என்னைத் தவிர மற்றவர்களை மடியில் கைவைக்க இலேசில் விடாது, குணத்தில் என்னைப் போல. எங்கள் தீவில் புல்லுக்குப் பஞ்சம். திறந்த வெளியில் கட்டையடித்துக் கட்டிவிட்டால், கயிறு எட்டுகிற வட்டத்தை மேய்ந்து முடித்ததும் மாட்டை மாற்றிக் கட்ட வேண்டும். முருகைக்கல் மதில் ஓரமாக இன்றைக்கு இங்கே, நாளைக்கு இன்னும் கொஞ்சம் அங்காலே என்று இடம் தள்ளிக்கொண்டே போவோம். கடற்காற்றில் சீலைத் தலைப்புப் பறக்க, தூரத்தில் காட்டுக் குதிரைகள் நிற்க, கையில் கயிறோடு நடந்த அந்தக் காலை நேரங்களுக்காக இப்போதும் என் மனம் ஏங்குகிறது. வேறு எத்தனையோ ஊரில் இருந்துவிட்டேன். அந்த வெளியைப்போல ஒரு வெளியை நான் காணவில்லை.

நான் படுத்த பிறகு பசுவை என் கணவர் பார்த்தார். பார்த்தார் என்று சொல்லலாம், அவ்வளவுதான். கடைக்குப் போகிற அவசரத்தில் படலைக்கு வெளியே ஒரே கட்டையில் கட்டிவிட்டுப் போவார். மாற்றிக் கட்ட ஆள் இல்லை. அது வேர் தெரியும் மட்டும் மேய்ந்துவிட்டு மத்தியானம் முழுக்கக் கத்தும். கட்டிலில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பேன். பால் குறைந்தது, விலா எலும்பு தெரிந்தது. ஒரு நாள் அவர் என் கட்டிலடியில் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "இஞ்சாரும், அந்த மாட்டைக் குடுப்பம். உமக்கும் ஏலாது, எனக்கும் ஏலாது. வாயில்லாச் சீவன், பாவம். வியாபாரியிட்டைச் சொல்லிப் போட்டன். சோளகம் அடங்கி வத்தை ஓடேக்கை வருவான்."

சோளகக் காற்று அடித்தால் கடல் கொந்தளிக்கும், மாடு ஏற்றுகிற பெரிய வள்ளமாகிய வத்தை வராது. அது அடங்க இன்னும் மாதக்கணக்கு இருந்தது. அவர் சொன்னதில் பிழையும் இல்லை. ஆனால் எனக்கு அது வேறு மாதிரிப் பட்டது. மாட்டைக் கொடுப்பது என்றால் இவள் இனி எழும்பமாட்டாள் என்று வீட்டில் தீர்மானித்தாயிற்று என்றுதானே அர்த்தம்? அந்தப் பசு படலையைத் தாண்டிப் போனால் நான் அந்தக் கட்டிலை விட்டு எழும்பவே மாட்டேன் என்று நினைத்தேன். பயந்துபோனேன், அதை மறைக்க மாட்டேன்.

ஒப்பரேசனுக்குப் பிறகு போய்க் காட்டுகிற கிளினிக்குக்கு மச்சாள்தான் கூட வந்தார். யாழ்ப்பாணத்தில் ஒரு பெண் டொக்டர் பார்த்தார். வெளிநாட்டில் படித்துவிட்டு வந்தவர், வாய் கொஞ்சம் கடுமை. கண்மடலை இழுத்துப் பார்த்தார், இரத்தம் சோதித்தார், நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். "இரத்தம் காணும், குறைவில்லை. வருத்தம் திரும்பினதாயும் தெரியேல்லை" என்றார். எனக்குப் பெரிய ஆறுதல், மச்சாளுக்குத் தன் ஈரல் கறியைப் பற்றிப் பெருமை. அப்படியென்றால் ஏன் இந்தக் களைப்பு என்று கேட்டேன். "அது வருத்தத்தாலும் வைத்தியத்தாலும் வாற களைப்பு. படுத்தால் போகாது. ஒவ்வொரு நாளும் கொஞ்சம் நடவுங்கோ" என்றார். வெளியே சனம் வரிசையில் நின்றது. அவ்வளவோடு வந்துவிட்டோம்.

நடக்கட்டாம் என்ற சொல்லை மச்சாள் பஸ்ஸிலும் வள்ளத்திலும் மென்றுகொண்டே வந்தார். நான் ஒப்பரேசனுக்குப் போன அன்றே எங்கள் கோயிலுக்கு அவர் ஒரு நேர்த்தி வைத்திருந்தார். நான் சுகமாகி வந்து, வெள்ளிக்கிழமையில், கோயில் வீதியை இத்தனை தரம் சுற்றுவேன் என்று என் சார்பில் அவரே அம்மனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். என்னைக் கேட்கவில்லை. கேட்கிற வழக்கமும் இல்லை. இறங்குதுறையில் இறங்கும்போது அவருடைய முகம் விளக்கேற்றியதுபோல இருந்தது. "டொக்டரும் நடக்கத்தானே சொன்னவ? நேர்த்தியும் நடக்கிறதுதானே? வாற வெள்ளி வை. நேர்த்தியும் தீரும், உன்ரை களைப்பும் தீரும்."

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. மருந்தென்றால் ஒரே மூச்சில் குடித்து முடிப்பதுதானே எங்கள் வழக்கம். அந்த வெள்ளி அதிசயமாக உடம்பு கொஞ்சம் இலேசாகவும் இருந்தது. தோய்ந்து, ஈரத் தலையோடு கோயிலுக்குப் போனேன். முதல் சில சுற்று நன்றாகவே போயிற்று. மணல் சுட்டது, வேப்பங்காற்று வந்தது, நடக்கிறேன் என்ற சந்தோசத்தில் கண் கலங்கியது. பாதிக்குப் பிறகு காலை இழுத்துக்கொண்டு நடந்தேன். மச்சாள் பின்னால் வந்து, "விடாதை, விடாதை, இன்னும் கொஞ்சந்தான்" என்றார். அம்மனுக்குச் சொன்னதைக் குறைக்க ஏலாதே. எல்லாச் சுற்றையும் முடித்தேன். முடித்த இடத்திலேயே குந்திவிட்டேன். வண்டிலில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒரு கிழமைக்கு மேல் கட்டிலில் புரண்டு படுக்கவே மற்றவர் கை வேண்டியிருந்தது. என் கணவர் கோபித்ததை நான் கண்டது குறைவு. அன்றைக்குத் தமக்கையைப் படலையடியில் நிற்பாட்டி வைத்துக் கத்தினார். "நடையும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! அவளைச் சும்மா கிடக்க விடுங்கோ!" என்னிடம் வந்து, அடங்கிய குரலில், "நீர் படுத்திரும். மாட்டைப் பற்றி யோசியாதையும். அது போகட்டும்" என்றார். வெளியே பசு கத்தியது. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, சத்தம் வராமல் அழுதேன்.

அடுத்த கிளினிக்கில் மச்சாள் டொக்டரிடம் நேராகவே போனார். "நீங்கள் நடக்கச் சொன்னியள். நடந்துதான் விழுந்தவள்" என்றார், சண்டைக்கு வந்தவர்போல. டொக்டர் எவ்வளவு நடந்தீர்கள் என்று கேட்டார். மச்சாள் சொன்னார். டொக்டர் பேனையை மேசையில் போட்டுவிட்டு எங்களைப் பார்த்தார். ஏச்சு வரப் போகிறது என்று நினைத்தேன். அவர் கதிரையை என் பக்கம் இழுத்து, இந்தத் தரம் ஆறுதலாக இருந்து சொன்னார்.

"அக்கா, வேலை செய்து வந்த களைப்பெண்டால் நித்திரை கொண்டால் தீரும். இது அந்தக் களைப்பில்லை. ஆறுறது தேவைதான், ஆனால் நாள் முழுக்கப் படுத்தால் தசை கரையும், இருதயமும் சோம்பலுக்குப் பழகிப் போகும். பிறகு சின்ன வேலையும் மலை ஏறுற மாதிரி இருக்கும். களைப்பெண்டு படுக்கிறியள், படுத்ததாலை இன்னும் களைக்கிறியள். நான் படிச்ச இடத்திலை இப்பத்தான் இப்படியான ஆக்களை மெல்ல மெல்ல நடக்கவிட்டுப் பாக்கினம். களைப்புக் குறையுது. ஆனால் ஒரேயடியாய் இல்லை. கதைச்சுக்கொண்டு நடக்கக்கூடிய அளவு. மூச்சு வாங்கினால் கூடிப் போச்சு. ஒவ்வொரு நாளும் அதே அளவு, அது லேசாய்ப் போனாப் பிறகு இன்னும் கொஞ்சம். நல்லாய் இருக்கெண்டு ஒரு நாளிலை கூடுதலாய் நடக்கக் கூடாது. ஏலாத நாளிலை குறைச்சு நடவுங்கோ, அடியோடை விடாதேங்கோ. காய்ச்சல், தலைச்சுத்து, நெஞ்சு நோ வந்தால் நிப்பாட்டிப்போட்டு வாங்கோ."

"மாட்டை மாத்திக் கட்டுற மாதிரி" என்றார் மச்சாள். டொக்டருக்கு அது விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. ஒரே நாளில் வெளி முழுக்க மேயவிட்டால் மாடு வயிறு ஊதிச் சாகும். ஒரே கட்டையில் விட்டாலும் பட்டினியில் சாகும். "மாடு என்ரை கையிலைதான் நடக்கும்" என்று டொக்டரிடம் சொன்னேன். "அப்ப அதையே பிடிச்சுக்கொண்டு நடவுங்கோ. வெட்டின பக்கத்துக் கையாலை மட்டும் பிடியாதேங்கோ, இழுத்துப் போடும்" என்றார் அவர், முதல் முறையாகச் சிரித்து.

கணவரிடம் நாங்கள் சொல்லவில்லை. சொன்னால் விடமாட்டார். அவர் காலையில் கடைக்குச் சைக்கிளில் ஏறியதும் மச்சாள் வேலிப் பொட்டுக்குள்ளால் நுழைந்து வருவார். தொடக்கத்தில் கட்டிலில் இருந்து படலை மட்டும் போய்த் திரும்பினோம். பின்னேரம் திரும்பவும் ஒரு தரம். அது லேசானதும் பசுவை அவிழ்த்து எங்கள் மதில் முடிகிற மூலை மட்டும். கட்டையை மச்சாள் அடிப்பார், நான் கயிறைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பசு முதலில் என்னை மோந்து மோந்து பார்த்தது. இவ்வளவு நாளும் எங்கே போயிருந்தாய் என்று கேட்பதுபோல நாக்கால் முழங்கையை நக்கியது. பிறகு பக்கத்து வளவு மதில். அதன் பிறகு அதற்கும் அங்காலே.

ஒவ்வொரு நாளும் ஒரே மாதிரி இருக்கவில்லை. சில காலைகளில் படலையடியே எட்டாத்தூரம்போல இருக்கும். அன்றைக்கு முதல் மூலையோடு திரும்புவோம், ஆனால் போகாமல் விடமாட்டோம். சில நாள் உடம்பு துள்ளும், கடலடி மட்டும் போய்வரலாம்போல ஆசை வரும். மச்சாள் சீலைத் தலைப்பைப் பிடித்து இழுப்பார். "இண்டைக்கு இவ்வளவுந்தான். கோயிலடியிலை விழுந்தது மறந்து போச்சோ?" அது அவர் வைத்த நேர்த்தி என்று நான் ஞாபகப்படுத்துவேன். "வாயை மூடிக்கொண்டு நட" என்பார். "கதைச்சுக்கொண்டுதானே நடக்கச் சொன்னவ" என்பேன். இரண்டு கிழவிகளைப்போல வழி நெடுக வாய்க்கு வாய் கொடுத்துக்கொண்டு நடந்தோம். கலியாணம் முடித்து வந்த நாளில் இருந்து எங்களுக்குள் இருந்த முறுகல் அந்த மதில் ஓரத்தில்தான் கரைந்தது. அவரை நான் சகோதரியாக நினைக்கத் தொடங்கியதும் அங்கேதான்.

ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. "வருத்தக்காரியை மாடு பிடிக்க விட்டிருக்கினம்" என்று ஒருத்தி தொடங்கினாளாம். மச்சாள் அவள் வீட்டுப் படலைக்கே போய்க் கேட்ட கேள்வியில் பிறகு யாரும் வாய் திறக்கவில்லை. அதனால் தீவு முழுக்கத் தெரிந்த செய்தி சங்கக்கடை மனேச்சருக்கு மட்டும் தெரியாமல் போயிற்று. பசு சதை வைத்தது, பால் கூடியது. தமக்கைதான் பார்க்கிறார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

களைப்பு ஒரு நாளில் போய்விடவில்லை. முழுக்கப் போனது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு காலை, தலை இழுத்து, பின்னி, கொண்டையும் போட்ட பிறகுதான், இடையில் சீப்பைக் கீழே வைக்கவில்லை என்பது தெரிந்தது. சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு கண்ணாடியைப் பார்த்து நின்றேன். இரவு நித்திரை நித்திரையாக வந்தது. கல்லுப் புட்டுக்குக்கூடப் பசித்தது. பகலில் கொஞ்ச நேரம் சாய்ந்தால் அது ஆறுதலாக இருந்தது, கிணற்றுக்குள் விழுவதாக இருக்கவில்லை.

சோளகம் அடங்கியது. கடல் தட்டையாகிப் பளபளத்தது. ஒரு நாள் காலை நான் வழக்கம்போலப் பசுவோடு போய்விட்டேன். மச்சாளுக்குச் சரியான தடிமன், தும்மிக்கொண்டு கிடந்தார், அன்றைக்குத் தனியாகவே போனேன். வத்தை வந்து நிற்பது எனக்குத் தெரியாது. வெளியின் நடுவில், பெரிய மதில் ஓரமாக நிழலில் நின்றுகொண்டிருந்தேன். தூரத்தில் இரண்டு உருவம் வெயிலில் வந்தது. சைக்கிள் மணலில் ஓடாது என்பதால் அதை உருட்டிக்கொண்டு என் கணவர், பின்னால் வெறுங்கயிறைத் தோளில் போட்டபடி மாட்டு வியாபாரி.

அவர் கிட்ட வந்தார். வேர்த்து ஊற்றியது, மூச்சு வாங்கியது. சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்தார், பசுவைப் பார்த்தார், திரும்பி எங்கள் வீட்டுப் பனைகள் கோடாகத் தெரிகிற அந்தத் தூரத்தைப் பார்த்தார்.

"ஆர் உம்மை இஞ்சை கொண்டுவந்தது?"

"நடந்து வந்தனான்."

"இவ்வளவு தூரமோ?"

"இண்டைக்கு இல்லை. கனநாளாய் வந்துகொண்டிருக்கிறன். முந்தி மூலை மட்டும் வந்தனான்" என்றேன். "நீங்கள் கொஞ்சம் இருங்கோ, களைச்சுப் போனியள்."

அவர் மதிலடியில் இருந்துவிட்டார். துவாயால் முகத்தைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார், அது வேர்வைக்கு மட்டும் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. வியாபாரி பசுவின் முதுகைத் தட்டி, "நல்லாத் தேறியிருக்கு அண்ணை. அவிழ்க்கட்டோ?" என்றான்.

என் கணவர் துவாயை எடுக்காமலே சொன்னார். "இல்லைத் தம்பி. இது குடுக்கிற மாடில்லை."

வியாபாரி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு இறங்குதுறைப் பக்கம் போனான். நாங்கள் மூன்று பேரும் வீட்டுப் பக்கம் நடந்தோம். அவர் சைக்கிளை உருட்டினார், நான் வலது கையில் கயிறைப் பிடித்திருந்தேன், பசு எங்கள் இருவரையும்விட ஆறுதலாக அசைந்து அசைந்து வந்தது. பாதி வழியில் என் கால் சோரத் தொடங்கியதை அவர் கண்டுவிட்டார்.

"களைக்குதோ?"

"ஓம், களைக்குது."

"கயிறைத் தாரும் இஞ்சை."

"என்னோடை மெல்லமாய் நடவுங்கோ, அது போதும்" என்றேன். கயிறை நான் கொடுக்கவில்லை.